கடைசி ரயில் இரவில் பத்தொன்பது முடிச்சுகள்

*கேள்வி: சிங்கப்பூரின் ரயில்வேக் குடும்பம் ஒன்றைப் பற்றி நான்கு நாவல்கள் எழுதியிருக்கிறேன். ஐந்தாவது கடைசி. தஞ்சோங் பகார் ரயில் நிலையம் மூடப்பட்ட 2011 ஜூன் 30 இரவோடு முடிகிறது. முதல் வரைவு 40 அத்தியாயம், 82,000 சொல். முந்தைய நூல்களில் விட்டுவைத்த முடிச்சுகள் 27. அவற்றில் 19 கடைசி ஆறு அத்தியாயத்தில் அவிழ்கின்றன. படித்துப் பார்த்த மூன்று பேரும் "முடிவு ஓடுகிறது" என்கிறார்கள். அதிலேயே இரண்டு பேர் "முன்பாதி நகரவே இல்லை" என்றும் சொல்கிறார்கள். முடிவை இன்னும் அறுபது பக்கம் நீட்டினால் சரியாகுமா? முடிச்சுப் பட்டியலையும் அத்தியாயச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன். — யீஷூன் வாசகி*

அன்புள்ள வாசகிக்கு,

நீட்ட வேண்டாம். உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அத்தியாயம் சராசரியாக 2,050 சொல். ஆறு அத்தியாயத்துக்கு 12,300. அதை 19 முடிச்சுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 650 சொல்கூட வரவில்லை. இரண்டு நூல்களாக வாசகர் சுமந்து வந்த கேள்விக்கு இரண்டே பக்கத்தில் பதில் கிடைக்கிறது. மீதி 34 அத்தியாயத்தில் எட்டு முடிச்சுதான் அவிழ்கிறது, நான்கு அத்தியாயத்துக்கு ஒன்றுகூட இல்லை. முன்பாதி நகராததற்குக் காரணம், அது நகரத் தேவையான பொருளையெல்லாம் கடைசி இரவுக்கென்று எடுத்து ஒளித்துவைத்திருப்பதுதான். அறுபது பக்கம் கூட்டினால் ஓடுகிற முடிவு நடக்கிற முடிவாகுமே தவிர, பத்தொன்பது பேர் வரிசையில் நின்று ஒவ்வொருவராக உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிற நிலை மாறாது.

கடைசி நூல் மற்றவற்றைவிடப் பெரிதாக இருப்பதில் தவறில்லை. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தில் 57 அத்தியாயங்கள், ஐந்தாம் பாகத்தில் 91. ஆனால் கூடுதல் இடத்தை எங்கே கொடுப்பது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். உங்கள் நூலுக்கு அது நடுப்பகுதியில் வேண்டும்.

முதலில் பட்டியலைச் சரிசெய்வோம். நீங்கள் அனுப்பியது நினைவிலிருந்து எழுதியது என்று தெரிகிறது. நான்கு நூல்களையும் பென்சிலோடு முதலிலிருந்து வாசித்து, அவிழாமல் நிற்கும் ஒவ்வொரு பாக்கிக்கும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: வாசகருக்கு வாக்குக் கொடுத்த வாக்கியம் அப்படியே, அது இருக்கும் நூலும் பக்கமும், கடைசியாக அந்த விஷயம் பேசப்பட்ட இடம், கதைக்குள் அது யார் யாருக்குத் தெரியும். நான்காவதைப் பலரும் விட்டுவிடுவார்கள். கடைசி நூலில் இடறுவது பெரும்பாலும் அங்கேதான். உங்கள் வரைவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1943இல் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்கு ஆள் எடுத்த பட்டியலில், முத்தையா தன் பெயரை அடித்துவிட்டுத் தம்பி சின்னப்பன் பெயரை எழுதியதைத் தங்கை செல்லம்மா "படித்துவிட்டாள்" என்று 38ஆம் அத்தியாயத்தில் வருகிறது. ஆனால் மூன்றாம் நூலில், ஊரிலிருந்து வந்த கடிதத்தை அவள் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள். எழுத்துத் தெரியாதவள் பட்டியலைப் படித்திருக்க முடியாது. உங்கள் வாசகர்களில் ஒருவராவது அந்தக் கடிதத்தை நினைவில் வைத்திருப்பார். திருத்தம் கடினமில்லை. அவள் படிக்கவில்லை, கேட்டாள். குமாஸ்தா பெயர்களை உரக்க வாசிக்கும்போது "முத்தை…" என்று தொடங்கி, நிறுத்தி, "சின்னப்பன்" என்று மாற்றிச் சொன்னதைப் பதினைந்து வயதுப் பெண்ணாக வெளியே நின்று கேட்டாள். இது பழைய நூலோடு ஒத்துப்போகிறது. காகிதத்தைக் காட்டி நிரூபிக்க முடியாத ஒன்றை அவள் ஏன் இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தாள் என்பதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

அடுத்து, 27உம் ஒரே எடையா என்று பார்க்க வேண்டும். இதை நீங்களே முடிவுசெய்யக் கூடாது, எழுதியவருக்கு எல்லாமே முக்கியமாகத் தெரியும். நான்கு நூல்களையும் படித்தவர்கள் ஐந்தாறு பேரிடம், எதையும் நினைவுபடுத்தாமல், "கடைசி நூலில் உங்களுக்கு என்ன தெரிந்தாக வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். பாதிப் பேருக்கு மேல் தாமாகச் சொல்பவை பெரிய பாக்கி. ஒருவரோ இருவரோ சொல்பவையும், நீங்கள் பெயர் சொன்னதும் "ஆமாம், அது என்ன ஆச்சு?" என்று கேட்க வைப்பவையும் நடுத்தரம். யாருக்குமே நினைவில்லாதவை சிறியவை.

அந்தச் சோதனை நடக்கும்வரை என் கணிப்பைச் சொல்கிறேன். பெரியவை ஐந்து: பூட்டிய தகரப் பெட்டிக்குள் என்ன, பட்டியலில் முத்தையா செய்தது, 1965இல் செல்லம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் ஜொகூர் பாருவுக்குப் போனதற்குக் காரணம், சயாமில் சின்னப்பனுக்கு என்ன ஆயிற்று, முனீஸ்வரன் முன்னால் "தம்பியை ஒருநாளும் தனியாக விடமாட்டேன்" என்று முத்தையா தாயிடம் செய்த சத்தியம். நடுத்தரம் ஒன்பது. மீதிப் பதின்மூன்றில் பாதியை நீங்கள் தொடவே வேண்டாம். இரண்டாம் நூலில் காணாமல்போன கைக்கடிகாரம் யாரிடம் போனது என்று எவரும் தூக்கமின்றித் தவிக்கவில்லை. அதைக் கடைசி நூலில் எடுத்துவந்தால், மறந்ததை நினைவுபடுத்தி உடனே தீர்த்துவைப்பதாகிவிடும். வாசகர் அதை விடுகதையாக உணர மாட்டார், வீட்டுக் கணக்கு முடிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். சிலவற்றை வேறொரு காட்சியில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இரண்டு மூன்றைப் பெரிய பாக்கியோடு சேர்த்துவிடலாம், அதைக் கீழே காட்டுகிறேன்.

இப்போது வரிசை. ஒவ்வொரு பெரிய பாக்கியையும் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது வெளிவந்த மறுநாள் காலை யாராவது ஏதாவது செய்தாக வேண்டுமா? ஆம் என்றால் அதற்குப் பின்னால் பக்கங்கள் வேண்டும், ஆகவே அது முன்னால் வர வேண்டும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, மனம் அடங்குகிறது அவ்வளவுதான் என்றால் அது பின்னால் இருக்கலாம். உங்கள் வரைவில் இது தலைகீழாக இருக்கிறது. பெட்டி 35ஆம் அத்தியாயத்தில் திறக்கிறது. அண்ணன் தம்பியை மரணத்துக்கு அனுப்பினான் என்ற செய்தி வெளிவந்து, அதை அறிந்தவர்கள் அதற்கு என்ன செய்தார்கள் என்று காட்ட ஐந்து அத்தியாயம்தான் மிச்சம். அதிலும் மேடை முழுக்கக் கூட்டம். அதனால் எல்லோரும் அழுகிறார்கள், மன்னிக்கிறார்கள். அழுவதற்கும் மன்னிப்பதற்கும்தான் குறைந்த இடம் போதும் என்பதால் அவசர முடிவுகள் எல்லாம் அங்கேயே போய்ச் சேர்கின்றன.

உங்கள் கதைக்கு வரலாறே நல்ல கடிகாரம் தந்திருக்கிறது. நிலையத்தை உட்லண்ட்சுக்கு மாற்றுவதாகச் சிங்கப்பூர், மலேசியா இரு நாட்டுப் பிரதமர்களும் அறிவித்தது 2010 மே 24. கடைசி ரயில் 2011 ஜூன் 30. நடுவில் பதின்மூன்று மாதம். நீங்கள் அறிவிப்பை முதல் அத்தியாயத்தில் ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டு, பத்து மாதத்தைத் தாண்டிக் குதித்து 2011 ஏப்ரலுக்கு வந்துவிடுகிறீர்கள். அந்தப் பத்து மாதம்தான் உங்களுக்குத் தேவைப்படும் இடம்.

நான் அடுக்கினால் இப்படி அடுக்குவேன். அறிவிப்பு வருகிறது. முத்தையாவின் பேத்தி வளர்மதியின் அண்ணன் ரயில்வே ஊழியர், குடியிருப்பைக் காலிசெய்யும் நாள் எப்படியும் வரும். சாமான்களைப் பிரிக்கும்போது தகரப் பெட்டி யாருக்கு என்ற பேச்சு எழுகிறது. சாவி இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் பூட்டை உடைக்கிறார்கள். நான்கு நூல்களாகப் பூட்டியிருந்த பெட்டியை இவ்வளவு சீக்கிரம் திறப்பது உங்களுக்கு வீணடிப்பது போலத் தோன்றும். ஆனால் பெட்டி தரும் பதில் அரைகுறையானது. உள்ளே ஒரு பட்டியலின் நகல், ஒரு பெயர் அடிக்கப்பட்டு இன்னொரு பெயர், தாத்தாவின் கையெழுத்தில். யாருடைய பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியாதபடி மை ஊறியிருக்கட்டும். ஒரு கேள்வி தீர்ந்து அதைவிடக் கூர்மையான கேள்வி பிறக்கிறது. பெரிய பாக்கியை முன்னால் கொடுக்கும்போது இப்படிக் கொடுத்தால்தான் பின்பகுதி காலியாகாது.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வளர்மதி அந்தக் காகிதத்தோடு ஜொகூர் பாருவுக்குப் போகிறாள். செல்லம்மாவுக்கு 82 வயது. கதவைத் திறந்து, காகிதத்தைப் பார்த்து, கதவைச் சாத்திவிடுகிறாள். இந்த மறுப்பு உங்கள் வரைவில் இல்லவே இல்லை. இதற்கு முழு அத்தியாயம் கொடுங்கள். நாற்பத்தைந்து வருட மௌனம் முதல் தட்டலிலேயே உடைந்தால் அது மௌனமாக இருந்ததற்கு அர்த்தமில்லை. இருபதாம் அத்தியாயத்தில், நூலின் சரிபாதியில், அவள் சொல்கிறாள்: கேட்டதை, சொல்லாமல் இருந்ததை, 1965இல் ஏன் முடியாமல் போயிற்று என்பதை. முத்தையாவின் குற்றமும் செல்லம்மா பிரிந்த காரணமும் ஒரே காட்சியில் தீர்கின்றன. இவை ஒரே விஷயத்தின் இரு பக்கம் என்பதால் சேர்ப்பது நியாயம். மூன்றாம் நூலில் அவள் அம்மாவின் நகையை ஏற்க மறுத்ததும், அண்ணன் படத்தைத் திருப்பிவைத்ததும் உங்கள் சிறிய பாக்கிப் பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றனவே, அவற்றை இனி யாரும் விளக்க வேண்டாம். வாசகரே போய் ஒட்டவைத்துக்கொள்வார். ஒரு பாத்திரமும் வாயைத் திறந்து "அதனால்தான் அன்றைக்கு…" என்று சொல்லக் கூடாது.

சரிபாதியில் இது வெளிவந்துவிட்டதால்தான் பின்பாதிக்கு ஒரு வேலை கிடைக்கிறது. சின்னப்பனின் பேத்தி கஸ்தூரி முத்தையாவின் படத்துக்குத் தினமும் விளக்கேற்றுபவள். தன் குடும்பத்துக்குச் சோறு போட்டவர் என்று. அவளிடம் சொல்வதா? வளர்மதி பத்து அத்தியாயம் இதைச் சுமக்கட்டும். சொல்லப் போய்ச் சொல்லாமல் திரும்புவது ஒருமுறை, வேறு யாரோ பாதியைச் சொல்லிவிடுவது ஒருமுறை. 31ஆம் அத்தியாயத்தில் சொல்கிறாள். கஸ்தூரி என்ன செய்கிறாள் என்பதற்கு இன்னும் ஐந்து அத்தியாயம் இருக்கிறது. உங்கள் வரைவில் கஸ்தூரி கேட்ட இரண்டாம் பக்கத்திலேயே வளர்மதியைக் கட்டிக்கொள்கிறாள். இங்கே அவள் விளக்கேற்றுவதை நிறுத்துவாள், படத்தை எடுக்கவும் மாட்டாள். அந்த நிலையில் அவளைச் சில வாரங்கள் விட்டுவைக்க இடம் இருக்கிறது.

சின்னப்பன் என்ன ஆனார் என்பது தனி விஷயம். வரைவில் நீங்கள் ஒரு புதிய பாத்திரத்தைக் கொண்டுவருகிறீர்கள்: தாய்லாந்திலிருந்து வரும் ஓர் முதியவர், சின்னப்பன் இறந்த இடத்தைப் பார்த்தவர். கடைசி நூலின் கடைசிப் பகுதியில் பதிலோடு வந்து இறங்கும் புதியவரை வாசகர் நம்புவதில்லை, அவர் எவ்வளவு உண்மையாகப் பேசினாலும். தவிர, அந்தப் பாதையில் மாண்ட மலாயாத் தமிழர்களில் ஏராளமானோருக்குப் பெயர் பொறித்த கல்லறைகூடக் கிடையாது. தேடியும் கிடைக்கவில்லை என்பதே உங்கள் கதைக்கு உண்மையான பதில். ஆனால் அதையும் காட்சியாகக் கொடுத்தால்தான் பாக்கி தீரும். கஸ்தூரியும் வளர்மதியும் அந்தப் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போகட்டும். போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர்க் கற்கள் இருப்பதையும், தங்கள் ஆளுக்கு ஒன்றும் இல்லாததையும் இருவரும் சேர்ந்து பார்க்கட்டும். கேள்வியைத் திறந்தே விடுவது வேறு, மறந்துவிடுவது வேறு. பாத்திரங்கள் தேடிக் களைத்ததை வாசகர் கண்ணால் பார்த்துவிட்டால், விடை இல்லாததை ஏற்றுக்கொள்வார்.

இதற்கெல்லாம் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று முதல் நாற்பது பக்கத்தில் இருக்கிறது. உங்கள் முதல் நூலைப் பலர் பல வருடங்களுக்கு முன் படித்திருப்பார்கள். நினைவில்லாத பாக்கியைத் தீர்த்தால் எதுவும் நடப்பதில்லை. அதற்காக முன்கதைச் சுருக்கம் போலப் பாத்திரங்கள் பழையதைப் பேசிக்கொள்வது உதவாது. பொருளைப் புழக்கத்தில் காட்டுங்கள். பெட்டியின்மீது ஏறி நின்று யாரோ விளக்கை மாட்டட்டும், பூட்டு கெண்டைக்காலில் கீறட்டும். சத்தியத்தை நினைவூட்ட, குழந்தைகள் விளையாட்டில் "தனியா விடமாட்டேன்" என்று அந்தக் குடும்பத்துக்கே உரிய தொனியில் சொல்லட்டும். ஒவ்வொரு பெரிய பாக்கிக்கும் தீர்வதற்கு முன் இரண்டு தொடுகை போதும். இரண்டாவது தொடுகைக்கும் தீர்வுக்கும் நடுவில் குறைந்தது மூன்று அத்தியாயமாவது இடைவெளி வேண்டும். அதே அத்தியாயத்தில் நினைவூட்டி அதே அத்தியாயத்தில் தீர்ப்பதைத்தான் வாசகர்கள் "திடீரென்று" என்கிறார்கள். 36ஆம் அத்தியாயத்தில் சத்தியத்தை நினைவூட்டி, 37இல் அதைத் தீர்க்கிறீர்கள். அந்த இடத்தைப் பாருங்கள்.

அப்படியானால் ஜூன் 30 இரவுக்கு என்ன மிச்சம்? மிகக் கொஞ்சம், அதுதான் சரி. அந்த இரவுக்கு ஏற்கெனவே சொந்தக் கனம் இருக்கிறது: நடைமேடை நிறையக் கூட்டம், கேமராக்கள், கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றது. அத்தனை சத்தத்துக்கு நடுவே யாரும் நீண்ட உண்மை எதையும் சொல்ல முடியாது, சொன்னாலும் காதில் விழாது. ஒரே ஒரு செயல் நடக்கட்டும். செல்லம்மா அந்த ரயிலில் ஏறி ஜொகூருக்குத் திரும்புகிறாள், கஸ்தூரி அவளோடு ஏறுகிறாள். கிழவியைத் தனியாக விடவில்லை. யாரும் சத்தியத்தைப் பற்றி ஒரு சொல் பேச வேண்டாம். ஆறு அத்தியாயம் மூன்றாகச் சுருங்கும், ஆனால் ஒவ்வொன்றும் மூச்சு விட்டுப் போகும். அந்த இரவுக்கான இருக்கைச் சீட்டுகள் முன்கூட்டியே வாங்கப்பட வேண்டியவை, ஆகவே அவள் கடைசி நொடியில் ஓடிப்போய் ஏறுவதாக எழுதாதீர்கள். சீட்டு வாங்கியதைச் சொல்லாமல் வைத்திருந்தாள் என்பது போதும், அதுவே இன்னும் அழுத்தமானது.

பிறகும் நூலை முடிக்காதீர்கள். வரைவு ரயிலின் விளக்கு மறைவதோடு நின்றுவிடுகிறது. நான்கு நூல்கள் கூட வந்த வாசகருக்கு, எல்லாம் முடிந்த பிறகு இவர்கள் எப்படிக் காலை உணவு சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க நேரம் வேண்டும். முழு நூலில் எட்டில் ஒரு பங்குவரை உச்சத்துக்குப் பின்னால் இருக்கலாம், உங்களுக்கு நான்கு அத்தியாயம். அந்த நான்கில் விளக்கம் சொல்லும் கடிதமோ "பத்து வருடம் கழித்து" என்ற அத்தியாயமோ வேண்டாம்.

சத்தியத்தின் மீதிப் பாதிக்கு அங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. வரைவில் அந்தப் பாக்கியைக் கோயிலில் தீர்க்கப் பார்த்து, இடம் மாறிய சிக்கலில் மாட்டிக்கொண்டீர்கள். முத்தையா சத்தியம் செய்தது 1932இல் குவீன்ஸ்வே அருகே தண்டவாள ஓரம் ரயில்வேத் தொழிலாளர்கள் வழிபட்ட முனீஸ்வரன் முன்னால். கோயில் 1998இலேயே காமன்வெல்த் டிரைவுக்குப் போய்விட்டது. 2011இல் பழைய இடத்தில் சாமி இல்லை. ஆனால் ரயில் நின்ற பிறகு, ஜூலை 1 முதல் 17 வரை தண்டவாளம் முழுவதும் பொதுமக்கள் நடப்பதற்காகத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் தண்டவாளங்களைக் கழற்றத் தொடங்கினார்கள். அந்தப் பதினேழு நாளில் ஒரு காலை, கஸ்தூரி ஜொகூரிலிருந்து திரும்பிவந்து, வளர்மதியோடு தஞ்சோங் பகாரிலிருந்து தண்டவாளத்தின்மேல் நடக்கட்டும். பழைய இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, தாண்டியது தெரிந்து திரும்பி வரட்டும். அங்கே கஸ்தூரி என்ன செய்கிறாள் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். என் யோசனை, விளக்கு ஏற்றுவதை மட்டும் அங்கே வைக்காதீர்கள். அது வாசகர் எதிர்பார்ப்பது, தவிர அவள் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டாள்.

மாற்றியடுக்கிய பின் சொற்கணக்கு 90,000ஐ ஒட்டி வரும். நடுத்தரப் பாக்கி ஒன்பதை 8 முதல் 30 வரையிலான அத்தியாயங்களில் தூவுங்கள். ஒரே அத்தியாயத்தில் இரண்டு விழுந்தால் ஒன்றை நகர்த்துங்கள். திருத்தி எழுதத் தொடங்குமுன், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டி, பாக்கி தீரும் சீட்டுகளில் சிவப்புப் புள்ளி வையுங்கள். எங்காவது ஆறு சீட்டுக்கு ஒரு புள்ளிகூட இல்லை என்றால் அங்கே கதை நின்றிருக்கிறது. அடுத்தடுத்து மூன்று சீட்டில் புள்ளி இருந்தால் அங்கே ஓடுகிறது. முதலில் ஐந்தாம் அத்தியாயத்தையும் பன்னிரண்டாம் அத்தியாயத்தையும் எழுதிப் பாருங்கள். கதவு சாத்தும் காட்சி சரியாக அமைந்தால் இருபதாம் அத்தியாயம் தானாக வழிவிடும். அமையாவிட்டால் செல்லம்மாவின் மௌனத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் காரணம் இன்னும் போதவில்லை என்று பொருள், அப்போது மூன்றாம் நூலின் கடைசி இரண்டு அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டியிருக்கும்.